டிக் போட்ட மூன்று கட்டம்

கண்ணாயிக்கு வள்ளி மேல் பொறாமை என்று சொன்னால் அது சும்மா ஒரு வார்த்தை. வயிறு எரிந்தது, அதுதான் நிஜம். காலையில் எரிய ஆரம்பித்தால் விளக்கு அணைக்கிற வரைக்கும் எரியும்.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி கண்ணாயி, தம்பி பெண்டாட்டி வள்ளி. ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டையில் காப்பித் தோட்டத்தை ஒட்டி மூன்று அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பங்காளிகளாகப் பிழைத்தார்கள். கோழிக்குழம்புக்கு மசாலா அரைப்பது கண்ணாயி. தட்டில் பரிமாறுவது வள்ளி. பெங்களூர்க்காரர்கள் போனில் என்ன எழுதிவிட்டுப் போகிறார்கள்? "வள்ளி அக்கா கைப்பக்குவம் சூப்பர்." அட, அம்மியில் முதுகு ஒடிந்தவள் யார்? போட்டோ எடுக்கும்போதும் வள்ளிதான் நடுவில். கண்ணாயியின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும்.

வந்தவர்கள் யார் போனுக்குப் பணம் அனுப்புகிறார்களோ, அது அவள் கணக்கில் சேரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து, வந்ததையும் பேங்கில் இருப்பதையும் சொல்லி, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். கூரை, கீசர் மாதிரிப் பொதுச் செலவுக்கென்று இரண்டு பேர் பெயரிலும் ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வள்ளி தண்ணீர் மோட்டார் போடப் போனாள். அவள் போன் சமையல் மேடையில் திறந்தே கிடந்தது. கண்ணாயி எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்க்காமல் இருக்க அவள் என்ன சாமியாரா? ஏதோ புது ஆப். வள்ளியின் மூன்று பேங்கையும் ஒன்றாகக் கூட்டி, மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

வள்ளி வந்து உட்கார்ந்து, பேங்க் மெசேஜைப் பார்த்து மூன்று பேங்கிலும் இருப்பதைத் தனித்தனியாகச் சொன்னாள். கண்ணாயி மனசுக்குள் கூட்டினாள். ஒன்று எழுபது.

"மீதி நாப்பதாயிரம் எங்க போச்சு கண்ணு?" என்றாள் கண்ணாயி. கண்ணு என்றது வாய்தான்.

"அதைத்தானுங்க்கா சொல்ல வந்தேன். நேத்து சாயந்தரம் கூரைத் தகட்டுக்கு ஜாயின்ட்ல போட்டுட்டேன்."

"போட்டிருந்தா இதுல கொறையோணுமில்ல? இன்னும் ரெண்டு பத்துன்னு காட்டுது. அந்த ஜாயின்ட் அக்கவுண்டும் இதுல காணமே!"

வள்ளி விழித்தாள். பேங்கிலிருந்து வந்த மெசேஜைக் காட்டினாள். "மெசேஜ் யாரு வேணா அனுப்பலாம்" என்றாள் கண்ணாயி. வள்ளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. கண்ணாயிக்கு அதைப் பார்க்க, சொல்ல வெட்கமாக இருந்தாலும், குளுகுளுவென்று இருந்தது. ஒரு தடவையாவது நடுவில் நிற்கிறவள் ஓரத்துக்கு வரட்டும்.

"நாளைக்கு டவுனுக்குப் போறோம். களவாணித்தனம் இருந்தா இத்தோட பங்கு பிரிச்சுக்கலாம். அறையும் பிரிச்சுக்கலாம், அடுப்பும் பிரிச்சுக்கலாம்."

திங்கட்கிழமை ஷேர் ஜீப்பில் இரண்டு பேரும் பேசாமல் ஏற்காடு போய் இறங்கினார்கள். வள்ளிக்கு அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடை வைத்திருக்கும் ஜேசுதாஸ். கதையைக் கேட்டு அவன் சிரித்துவிட்டான்.

"ஏனுங்க்கா, இதுக்கா சண்டை? இந்த ஆப்பு பேங்க்குக்குள்ளயே உக்காந்துட்டு இருக்காதுங்க. கேக்கறப்ப பேங்க் குடுக்கற கணக்கை வாங்கி வெச்சுக்கும். இது கடைசியா வாங்குனது சனிக்கிழமை காலைல. பாருங்க, கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு. சாயந்தரம் எடுத்த பணம் இதுக்கு எப்படித் தெரியும்?"

புதுப்பிக்கிற பொத்தானை அழுத்தினான். சுற்றிச் சுற்றி நின்றது. ஒன்று எழுபது. கீழே நாற்பதாயிரம் "செலவு" என்று வந்தது.

"பாத்தியா, செலவுன்னு போட்டிருக்கு!" கண்ணாயி விடவில்லை.

"ஜாயின்ட் அக்கவுண்ட் இதுல வராதுங்க்கா. ஒத்தை ஆளு பேர்ல இருக்கறதுதான் வரும். போய்ச் சேந்த எடம் இதுக்குத் தெரியாததால, வெளிய போன பணம்னு நெனச்சுக்குது. பாஸ்புக்ல பதிஞ்சு பாத்துட்டு வாங்க."

நாலு கடை தள்ளி பேங்க். கையோடு கொண்டுவந்த ஜாயின்ட் பாஸ்புக்கை மெஷினில் செருகினார்கள். கரகரவென்று பதிந்து வெளியே வந்தது. சனிக்கிழமை, வரவு, நாற்பதாயிரம்.

வள்ளி பாஸ்புக்கை மடித்துப் பையில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கண்ணாயிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க மறுபடியும் பற்றிக்கொண்டது. இதிலும் இவளே நல்லவளா? கடைக்குத் திரும்பியதும் கண்ணாயி தன் போனை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"எனக்கும் போடுங்க தம்பி. நானும் காட்டறேன். மடில கனமில்லாதவ நான். இருக்கறது ஏற்காட்டுல ஒரே ஒரு அக்கவுண்ட்."

"நான் ஒன்னும் கேக்கலீங்களே அக்கா" என்றாள் வள்ளி.

"நீ கேக்க வேண்டாம், நானே காட்டறேன். ஏந்தம்பி, இது பணத்தை எடுத்துடாதுங்களே?"

"பாக்கத்தான் முடியும், எடுக்க முடியாதுங்க. அதும் நீங்க சரின்னு சொன்னாத்தான்." ஜேசுதாஸ் அவள் நம்பரைப் போட்டான். ஓடிபி வந்தது. "இந்த நம்பரைக் குடுத்திருக்கற பேங்கையெல்லாம் தேடிட்டு இருக்குங்க."

நம்பர் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் கண்ணாயிக்கு உறைத்தது.

சேலத்தில் ஒரு பேங்க். மலையில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்றே பஸ் பிடித்து இறங்கிப் போய்த் திறந்தது. தன் போனுக்கு வந்த அறை வாடகையில் அப்பப்போ கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் விட்டது, அங்கே போய்ச் சேர்ந்தது. போட்டோவில் நடுவில் நிற்கிறவளுக்கு எதற்குப் பாதி என்று ஒரு நியாயம். ஊரையே மாற்றினாள், பேங்கை மாற்றினாள். நம்பரை மட்டும் மாற்றவில்லை. எப்படி மாற்றுவாள்? மஞ்சக்குட்டையில் டவர் எடுக்கிற சிம் அது ஒன்றுதான்.

"இந்தாங்க, மூனு காட்டுது" என்று ஜேசுதாஸ் போனைத் திருப்பி வைத்தான்.

ஏற்காடு, சேமிப்புக் கணக்கு. சேலம், சேமிப்புக் கணக்கு. சேலம், பிக்சட் டெபாசிட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம், கட்டத்தில் டிக். எண்ணெல்லாம் நட்சத்திரம் போட்டு மறைத்து, கடைசி நாலு மட்டும் தெரிந்தது. தொகை எதுவும் இல்லை.

"எது வேண்டாமோ டிக் எடுத்துடலாங்க. சரின்னு அமுக்குனாத்தான் தொகை வரும்" என்றான் ஜேசுதாஸ். நிலைமை புரிந்து, எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டான்.

கண்ணாயியின் விரல் சேலத்துக் கட்டங்களுக்கு மேல் நின்றது. எடுத்துவிடலாம். எடுத்தால் தொகை தெரியாது. ஆனால் எடுக்கிற விரலை வள்ளி பார்த்துக்கொண்டல்லவா நிற்கிறாள்!

வள்ளி எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், வேகமாகவே படிப்பாள்.

"எடுத்துடுங்க்கா" என்றாள் மெதுவாக. "நான் பாக்கல. தகடு வாங்கோணும், கடை சாத்திருவாங்க. நான் முன்னால போறேன்."

"வள்ளி..."

"அடுப்பு பிரிக்கறதப் பத்தி ஊட்டுல போய்ப் பேசிக்கலாங்க."

அவள் படியிறங்கிப் போனாள். அழவில்லை, திட்டவில்லை, தலையைக் கூடக் குனியவில்லை. பாவி, இதையும் எவ்வளவு அழகாகச் செய்துவிட்டுப் போகிறாள் என்று கண்ணாயிக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது. டிக் மூன்றும் அப்படியே இருக்க, சரி என்பதை அமுக்கினாள். மேலே பெரிய எழுத்தில் தொகை வந்து நின்றது. பார்க்க வேண்டியவள் அங்கே இல்லை.