ஃபிட் என்று எழுதப்பட்ட உடம்பு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அந்த வரிசை வீடுகளில் போன் இருந்தது வின்னி வீட்டில் மட்டும்தான். வின்னியின் கணவன் ஹரோல்ட் துபாயில் ஃபிட்டர். அவன்தான் பக்கத்து வீட்டு இசபெல்லாவின் கணவன் வால்டருக்கு விசா வாங்கிக் கொடுத்தவன். ஹரோல்ட் கூப்பிட்டபோது போனை எடுத்து முதலில் கேட்டது வின்னிதான். பிறகு ரிசீவரை இசபெல்லாவிடம் நீட்டினாள்.

"அண்ணி, அண்ணன ஏர்போர்ட்லயே புடிச்சிட்டாங்க," என்றான் ஹரோல்ட். "மாத்திரைக்காக."

எந்த மாத்திரை என்று இசபெல்லா கேட்கவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவில் பாலித்தீன் பையைப் புதைத்து, மேலே தூளைக் கொட்டி அழுத்தி மூடியவளே அவள்தான். பகலுக்குக் கோடீன் கலந்த வலி மாத்திரை, ராத்திரி தூங்குவதற்கு டயசிபாம். போய் இறங்கும் இடத்தில் ஃபோர்மன் பெட்டிகளைக் கிளறிப் பார்ப்பான், நோயாளி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்கள் பயந்தது ஃபோர்மனுக்குத்தான். போலீஸ் என்ற நினைப்பே வரவில்லை. இத்தனை வருஷம் தங்கச் சுரங்கத்தில் இருந்த வால்டருக்கு சோதனை என்றால் குழிக்கு இறங்கும் ஷாஃப்ட் வாசல்தான். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தால் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், தங்கம் இருக்கிறதா என்று. தங்கம் எடுக்காதவனுக்கு சோதனையில் என்ன பயம் என்பான் அவன்.

ஹரோல்ட் ஒரு வக்கீலைப் பார்த்திருந்தான். வக்கீல் சொன்னதை அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அந்த ஊரில் இந்த இரண்டு மாத்திரையும் சட்டத்தில் போதைமருந்துப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் எழுதியதாக இருந்தால் பயணம் செய்கிறவன் பேரிலேயே சீட்டு வேண்டும், என்ன நோய், எவ்வளவு மாத்திரை என்று எழுதியிருக்க வேண்டும். அதில் பெங்களூரிலும் டெல்லியிலும் அவர்களுடைய தூதரகத்திலும் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். சில மாத்திரைக்கு முன்னாடியே அங்கே அனுமதியும் கேட்க வேண்டும். ஒன்றும் இல்லாமல், அதுவும் ஒளித்துக்கொண்டு வந்தால், கடத்தல்காரனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். பிளேனில் வால்டர் ஒரு மாத்திரை போட்டிருக்கிறான், சிறுநீர்ப் பரிசோதனையில் அதுவும் தெரிந்துவிட்டது. சாப்பிட்ட குற்றத்துக்கு மட்டுமே ஜெயில் நாலு வருஷத்துக்குக் குறையாது.

"அண்ணன் பேர்ல டாக்டர் சீட்டு இருந்தா உடனே அனுப்புங்க அண்ணி. இப்போதைக்கு அது ஒண்ணுதான் வழி."

இருக்கிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சீட்டு இருந்தது, ஆனால் அவள் பேரில். வால்டரின் இடுப்பு போனது கல்யாணமான புதிதில். சுரங்கத்தின் ஆழமான லெவல் ஒன்றில் பாறை வெடித்துச் சரிந்தபோது ஒரு மரத்தூணுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். மற்றவர்கள் இழுத்து விட்டதும் எழுந்து நடந்தான், ஒன்றுமில்லை என்றான். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் டாக்டர் 'அன்ஃபிட்' எழுதியிருப்பார். அப்புறம் தரைக்கு மேலே பெருக்குகிற வேலை, பாதிச் சம்பளம். கம்பெனி ஆஸ்பத்திரியில் மனைவிக்கும் கார்டு உண்டு. மனைவி ஃபிட்டா இல்லையா என்று சுரங்கத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? இசபெல்லா போய் வரிசையில் நின்றாள். இடுப்பு வலி, ராத்திரி தூக்கமில்லை என்றாள். குனிந்து காட்டு என்றால் அவன் குனிவதைப் போலவே பாதியில் நின்று பல்லைக் கடித்தாள். போகப் போக அது நடிப்பு என்பதே மறந்துவிட்டது. அந்த வலி எந்த இடத்தில் தொடங்கி எந்தக் காலில் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் போலவே வேறு வீட்டுப் பெண்களும் அந்த வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

சுரங்கத்தில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தபோது வால்டர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். ஆஸ்பத்திரி கார்டு முடிவதற்குள் அவள் சேர்த்து வைத்த மாத்திரைகள்தான் அந்த டப்பாவில் இருந்தவை.

அவளுக்கு மாத்திரை எழுதித் தந்த கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் ஷைலஜாவைப் பார்க்க வின்னியும் கூட வந்தாள். புறநோயாளிகள் எல்லோரும் போன பிறகு இசபெல்லா உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அப்போ நான் வருஷக்கணக்கா பாத்தது யாரோட முதுகும்மா?"

இசபெல்லா பழைய தேதி போட்டு வால்டர் பேரில் ஒரு சீட்டு எழுதித் தரும்படி கெஞ்சினாள். கையைப் பிடிக்கவும் போனாள். டாக்டர் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். எழுதலாம். ஆனால் முத்திரை வாங்கப் போகும்போது இது உங்கள் சீட்டுதானா என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்பார்கள். கேஸ் ஷீட்டில் இசபெல்லா என்று இருக்கும். பொய்ச் சீட்டு கொடுத்த குற்றமும் அவன் தலையில் ஏறும்.

"அப்போ எம்பேர்ல இருக்கறதயே அனுப்பட்டுமா டாக்டரம்மா?"

"அனுப்பினா அடுத்தவங்க மருந்த எடுத்துட்டுப் போனார்னு அவங்களே சொல்வாங்க. அது இன்னும் மோசம்."

அவனுக்கு உண்மையாகவே வலி இருக்கிறது, அதை நீங்கள் எழுதலாமே என்றாள் இசபெல்லா. பார்க்காத உடம்பைப் பற்றி என்ன எழுதுவது என்று டாக்டர் கேட்டார். ஆனாலும் ஆள் அனுப்பி வால்டரின் பழைய பதிவை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு வருஷப் பரிசோதனையிலும் ஃபிட். முதுகு என்ற இடத்தில் நார்மல், நார்மல், நார்மல். அந்தச் சோதனைக்குப் போகும் காலைகளில் இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்புவாள். சாயங்காலம் அவன் சிரித்துக்கொண்டே வந்து தட்டைக் கழுவக்கூடக் குனிய முடியாமல் படுத்துவிடுவான். அன்றைக்கெல்லாம் அவர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள்.

டாக்டர் ஒரு யோசனை சொன்னார். அங்கேயே போலீஸ் டாக்டர் இருப்பார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் பழைய அடி எலும்பில் தெரியலாம். அவன் வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். அதனால் விட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் தண்டனை எழுதுகிறவர் மனதில் ஏதாவது படலாம்.

வரும் வழியெல்லாம் இசபெல்லா அதையே பிடித்துக்கொண்டாள். நடை கூட மாறிவிட்டது. வலி உண்மை, அதை யாரும் அழிக்க முடியாது என்று வின்னியிடம் சொன்னாள். ஹரோல்ட் கூப்பிட்டதும் மூச்சு விடாமல் சொன்னாள்: அவரை வலிக்குதுன்னு சொல்லச் சொல்லு, எந்த டாக்டர் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், இடது காலில் இறங்குவதைக் காட்டச் சொல்லு.

அவள் முடிப்பதற்குள் ஹரோல்ட் குறுக்கிட்டான்.

"கேட்டுட்டாங்க அண்ணி. படுக்க வச்சி கால தூக்கியே பாத்தாங்களாம். இங்க வேலைக்கு எடுத்த கம்பெனி ஆளு பக்கத்துல நின்னுனு இருந்தான். அண்ணனுக்கு விசா கேன்சல் பண்ணிடுவாங்களோன்னு பயம். ஒண்ணும் இல்ல, நல்லா கீறேன்னு சொல்லிட்டாரு. எழுதி கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

"கால தூக்கனப்போ?"

"சிரிச்சாராம்."

அப்போ மாத்திரை யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். என் சம்சாரத்துக்கு என்றிருக்கிறான். சம்சாரம் எங்கே என்று கேட்டதற்கு ஊரில் இருக்கிறாள் என்றிருக்கிறான். சம்சாரம் ஊரில் இருக்கும்போது அவள் மாத்திரையை எதற்கு இங்கே கொண்டு வந்தாய் என்றார்களாம்.

படுக்க வைத்துக் காலைத் தூக்கும்போது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இசபெல்லாவால் பார்க்க முடிந்தது. பல்லைக் கடிக்காமல் இருக்க எத்தனை வருஷம் பழகியிருந்தான். அவள்தானே கூட இருந்து பழக்கினாள்.

லைன் போய்விட்டது. அவள் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள்.

"இன்னாக்கா? இன்னா சொன்னாரு?" என்றாள் வின்னி.

"ஒண்ணும் வலிக்கலன்னாராம்," என்றாள் இசபெல்லா.