மார்க்கசீர்ஷம், தேய்பிறை மூன்று

தென்காசி நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் பன்றி படம் போட்ட உரக்கடைக்கும் நடுவே, ஒரு மேசை அகலத்தில் என் அலுவலகம். நாக்பூர் ஆரஞ்சுக் கிட்டங்கியில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் இந்தி வந்தது. அந்த இந்தியைக் கேட்டால் வடக்கத்தியார் சிரிப்பார்கள். என் தமிழைக் கேட்டால் என் மனைவி ஜாய் சிரிப்பாள். இரண்டுக்கும் நடுவில் எப்படியோ சோறு கிடைக்கிறது.

பெரும்பாலும் புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர்களின் வேலைதான். வடக்கு மண்டியிலிருந்து வரும் இந்திப் பில்லைத் தமிழாக்கித் தரவேண்டும். சில மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் இன்னமும் விக்ரம ஆண்டும் திதியும் போட்டுத்தான் எழுதுவார்கள். அதற்காகவே வடநாட்டுப் பஞ்சாங்கம் ஒன்று மேசையில் கிடக்கும். எபனேசர் என்று பேர் வைத்துக்கொண்டு திதி பார்க்கிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று வந்தது எலுமிச்சைப் பில் இல்லை.

கீழப்பாவூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அம்மா சங்கரம்மாள். மகள் ஸ்ரீவித்யா, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள் மகள். காசியில் ஒரு விறகுக்கடை ரசீது.

“எங்கப்பாவுக்கு எரிச்ச ரசீது, அண்ணாச்சி,” என்றாள். “அவரு தங்கியிருந்த மடத்துல இருந்து சேதியும் இதுவும் இப்பதான் அனுப்பியிருக்காங்க. தாசில்தார் ஆபீசுல தமிழ்ல கேக்காங்க.”

அப்பா ஆவுடையப்பன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கிளம்பிப் போனவர். போன தீபாவளிக்குக் காசியிலிருந்து ஒரே ஒரு போன். மகளுக்குக் கார்த்திகை இருபதாம் தேதி கல்யாணம் என்று அம்மா சொல்ல, ‘வந்துருதேன்’ என்றாராம். வரவில்லை.

“மேடையில எத்தனை தடவை வாசலைப் பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும்,” என்றாள் ஸ்ரீவித்யா. “மார்கழியிலதான் செத்திருக்காரு. உசுரோட இருந்துக்கிட்டே வரல. போன்ல காட்டிப் படிச்சுப் பாத்தாச்சு. தேதிய மட்டும் நீங்க சரியா எழுதிக் குடுத்தா போதும்.”

“ஏட்டி, போனவரைப் பேசாத,” என்றாள் சங்கரம்மாள். ஆனால் அந்தக் குரலில் கண்டிப்பு இல்லை. பல நாள் சொல்லி அலுத்த குரல்.

எளிதான வரிகளில் ஆரம்பித்தேன். இந்தி எண்கள் நம் கண்ணை ஏமாற்றும். அவர்களுடைய ஒன்று நமக்கு ஒன்பது மாதிரி தெரியும், அவர்களுடைய ஐந்து நான்கு மாதிரி. ஆகவே ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தேன். நேரம், சாயங்காலம் நான்கு: ‘மாலை 4.00 மணி’ என்று எழுதினேன். தொகை எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. எண்ணை ‘ரூ. 7,500’ என்று போட்டுவிட்டேன். எழுத்தில் ‘ஏழரை ஆயிரம் மாத்திரம்’ என்ற மாதிரி இருந்தது. இந்தியில் அது சாதாரணப் பேச்சு. துக்க வீட்டுக்காரியிடம் ஏழரை என்று எழுதி நீட்ட எனக்குத் தைரியமில்லை. ‘ஏழாயிரத்து ஐந்நூறு மட்டும்’ என்று எழுதினேன். தொகை மாறவில்லை.

அடுத்தது தேதி. மார்க்கசீர்ஷம், கிருஷ்ண பட்சம் மூன்று, சம்வத் 2081.

பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். மறுபடி புரட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“என்ன அண்ணாச்சி?” என்றாள் சங்கரம்மாள்.

“போன்ல மார்கழின்னு வந்துச்சா?”

“ஆமா. 2081ன்னும் வந்துச்சு. அது ஏதோ தப்புன்னு விட்டுட்டோம்,” என்றாள் மகள்.

“அது தப்பில்லம்மா. அவங்க வருசம். அந்த மாசத்துக்கு அம்பத்தேழு கழிச்சா நம்ம 2024 வந்துரும். தப்பு மாசத்துலதான்.” நிறுத்தினேன். நிறுத்தியிருக்கவே வேண்டாம், அவர்கள் முகம் அதற்குள் மாறிவிட்டது. “பேரு ஒண்ணு மாதிரி இருந்தாலும் மாசம் வேற. நமக்குச் சூரியன் ராசி மாறுனாத்தான் மாசம் பிறக்கும். அவங்களுக்குப் பௌர்ணமி கழிஞ்ச மறுநாளே பிறந்துரும். இந்தத் தாளுல இருக்கிற நாள்...”

“எந்த நாள்?” என்றாள் மகள்.

“ஐப்பசிப் பௌர்ணமி முடிஞ்சு மூணாம் நாள். நவம்பர் பதினெட்டு. நம்ம கணக்குக்குக் கார்த்திகை மூணு.”

எலுமிச்சைப் பில்லில் இப்படி ஒரு மாதம் பிசகினால், பறிப்பதற்கு முன்பே காய் விற்றதாகிவிடும். கடைக்காரர் ஏசுவார், திருத்துவேன், டீ சொல்வார். இங்கே யாரும் ஏசவில்லை.

“அந்தப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குத்தான் குத்தாலத்துக்குப் போயிருந்தேன்,” என்றாள் சங்கரம்மாள், யாரையும் பார்க்காமல். “அந்த மனுசன் கல்யாணத்துக்கு வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன். மூணு நாள்ல எரிச்சிருக்காங்க.”

பிறகு அவள் கை நெற்றிக்குப் போனது. இப்போது அங்கே ஒன்றுமில்லை. அன்று இருந்திருக்கும்.

“நான் பொட்டும் பூவும் வச்சுக்கிட்டு ஆரத்தி எடுத்தேனே. என் பிள்ளைக்குத் தாலி கட்டுற எடத்துல நின்னேனே.” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணாச்சி, இவ மாமியா லேசுப்பட்டவ இல்ல. இது தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் இதைத்தான் சொல்லுவா. மார்கழின்னே போட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ஒரு மாதம். தட்டச்சில் நாலு எழுத்து. எனக்கும் மனசு போகத்தான் செய்தது. ஆனால் மொழிபெயர்ப்பின் அடியில், உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போடுகிறவன் நான்.

“மார்கழின்னு போட முடியாதும்மா. வேணும்னா ஒண்ணு செய்யலாம். தாளுல இருக்கிற மாதிரியே ‘மார்க்கசீர்ஷம், கிருஷ்ண பட்சம் 3, சம்வத் 2081’ன்னு எழுதிட்டு விட்டுருதேன். அது பொய்யில்ல. ஆங்கிலத் தேதி என்னன்னு கீழே குறிப்புப் போட்டாத்தான் விசயம் வெளியே வரும். ஆபீசுல கேட்டா அப்போ பாத்துக்கிடலாம்.”

சங்கரம்மாள் வேகமாகத் தலையாட்டினாள். “அப்படியே செய்யுங்க. குறிப்பெல்லாம் வேண்டாம்.”

ஸ்ரீவித்யா ரசீதைத் திருப்பித் தன் பக்கம் இழுத்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அப்பா வராம இருக்கல,” என்றாள்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

“வரமாட்டேன்னு இருக்கலம்மா. வர முடியல. பத்து மாசமா அவரு பேரையே நான் எடுக்கல. எங்க வீட்டுல போட்டோ மாட்டச் சொன்னதுக்கு வேண்டாம்னேன்.” மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். “என் மாமியா பேசட்டும். அவ பேசாத பேச்சா? குறிப்புப் போடச் சொல்லும்மா.”

“உனக்குப் புரியல பிள்ளே...”

“நீ தெரிஞ்சா பொட்டு வச்ச? ஒனக்கு அவரு உசுரோடதானே இருந்தாரு.”

ஜெராக்ஸ் மெஷின் நாலைந்து தாள் துப்பி ஓய்ந்தது. நான் எழுந்து போய் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தேன்; சும்மா இருக்கத் தெரியாத வியாதி எனக்கு. திரும்பி வந்தபோது மகளின் கையை அம்மா தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

“போடுங்க அண்ணாச்சி,” என்றாள். “கேக்குறவ கேக்கட்டும். என் பொட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

அடித்தேன். மூலத்தில் உள்ளபடி மேலே. கீழே அடைப்புக்குறிக்குள், ‘மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: இது 18.11.2024, திங்கட்கிழமை’ என்று. வாசித்துக் காட்டச் சொன்னாள் சங்கரம்மாள். வாசித்தேன். வருஷ திதி எந்த நாளில் வரும் என்று கேட்டாள். அதைக் குறிக்க வேண்டியவர் ஐயர்தான், நான் சொன்னால் பாதிரியாரும் ஏசுவார், ஐயரும் ஏசுவார் என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள். சிரித்த வாயோடே அழ ஆரம்பித்தாள். அதுவரை அவள் அழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்ரீவித்யா போனை எடுத்துத் தன் கணவனைக் கூப்பிட்டாள். “ஏங்க, அந்த அப்பா போட்டோ இருக்குல்ல... பரண்ல. எடுத்துத் தொடச்சு வையுங்க. வந்து சொல்லுதேன்.”