நொடிக்கு எவ்வளவு

எங்கள் அனிமேஷன் தொழிலில் படத்துக்கு விலை நொடிக் கணக்கில்தான். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள். புகை, தண்ணீர், நெருப்பு என்று வந்துவிட்டால் அந்த ஒவ்வொரு படத்தையும் கணக்குப் போட்டு முடிக்க எங்கள் பெரிய கம்ப்யூட்டருக்கு, அதாவது மெஷினுக்கு, நிமிடக்கணக்கில் ஆகும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். மெஷின் உறுமும், அறை கொதிக்கும், கரண்ட் பில் எகிறும். அதனால்தான் முதலில் கதையைச் சின்னச்சின்னப் படங்களாக வரைந்து ஸ்டோரிபோர்டு காட்டுவோம். வாடிக்கையாளர் ஓகே சொல்லாமல் ரெண்டர் பட்டனைத் தொடுவதில்லை. தொட்டுச் சூடுபட்டது ஒருமுறை போதும்.

கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி ஒன்றை விற்கும் கம்பெனிக்கு என் மனைவி ஸ்டோரிபோர்டு வரைந்து அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனி மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் "பாத்துட்டுச் சொல்றேன்". எப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வார். முதலிலாவது போனை எடுத்துச் சொன்னார். பிறகு போனையே எடுக்கவில்லை.

ஸ்டோரிபோர்டுக்கு நாங்கள் தனியாகப் பணம் வாங்குவதில்லை. வேலை கிடைத்தால் அதில் சேர்ந்துவிடும் என்று ஒரு பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையின் லட்சணம் என்னவென்றால், வீட்டு வாடகை பாக்கி. மெஷினை விற்றுவிடுவது என்று முடிவாகி, வாங்க ஓர் ஆளும் பேசியாகிவிட்டது. மெஷின் போனால் தொழில் போச்சு. அதன்பிறகு என் மச்சானின் பைப்புக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் தயாராக இருந்தது. மச்சான் நல்லவர். அந்த ஸ்டூல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நிலைமையில்தான் ஒரு விளம்பர ஏஜென்சிக்காரர் கூப்பிட்டார். நாங்கள் வழக்கமாகக் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான் நொடிக்குத் தருவார். ஆனால் வேலை உறுதி, பாதி முன்பணம்.

"ஸ்டோரிபோர்டெல்லாம் ரெடி, தம்பி. கிளையண்ட் ஓகே பண்ணிட்டார். அறுபது நொடி. நீங்க நேரா வேலைய ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஃபைலைத் திறந்தேன். ஒரு சமையலறை. அடுப்புப் பக்கத்தில் ஒரு பெண். அவள் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி.

அந்தப் பிளாஸ்திரிக்குக் கதையில் எந்த வேலையும் இல்லை. அந்தக் கேஸ் கருவிக் கதையை வரைந்த வாரம் என் மனைவி காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். வலியோடு வரைந்த கை, தன் வலியைப் படத்திலும் ஒட்டிவிட்டது. மூலையில் இருந்த எங்கள் பெயரை வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவள் எழுதியிருந்த நொடிக் கணக்கையும் வெட்டியிருந்தார்கள். பிளாஸ்திரி மட்டும் அப்படியே இருந்தது. மேலே பச்சையில் "ஓகே" என்று ஒரு முத்திரை.

நான் போட்ட சத்தத்தில் அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அந்த மேனேஜருக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேக்குறேன்" என்றேன்.

"கேளுங்க. அவரு ஏஜென்சிக்காரர கேப்பாரு. ஏஜென்சிக்காரர் வேற ஆளப் பாத்துக்குவாரு. சாயங்காலம் மெஷின தூக்கிட்டுப் போக ஆள் வந்துருவாரு."

"அப்போ நம்ம படத்த நாமளே கூலிக்குச் செஞ்சு குடுக்கணுமா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

இல்லை. எனக்கு அழுகை வந்தது. கோபம் மாதிரி காட்டிக்கொண்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். எதிர் மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது எனக்கு ஒரு குரூரமான யோசனை. "இது அறுபது நொடியில அடங்காதே. எழுபத்தஞ்சு வரும்னு நீதான் கணக்குப் போட்ட. அந்த ஏஜென்சிக்காரன் வசனத்த மனசுக்குள்ள படிச்சுப் பாத்து அறுபதுன்னு வித்திருக்கான். ஒண்ணும் சொல்லாம அறுபதுலயே அடைச்சு ரெண்டர் பண்ணிக் குடுத்துருவோம். நாறட்டும். ஓகே பண்ணினது அவங்கதானே?"

"நாறுறது என் படங்க" என்றாள். "அதோட, நாறினா மறுபடி யார் தலையில கட்டுவாங்க? நம்ம மெஷின்தான் மறுபடியும் வேகணும். முதல்ல அனிமேட்டிக் போட்டு ஓகே வாங்குங்க."

அனிமேட்டிக் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அசையாத ஸ்டோரிபோர்டு படங்களையே குரலோடு வரிசையாக ஓடவிடுவது. படம் எத்தனை நொடி என்பது அப்போது கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்துவிடும். அவளே மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தடவை அறுபது நொடியில் மூச்சு முட்டப் பேசினாள். இன்னொரு தடவை நிதானமாக, எழுபத்தைந்தில். "கேஸ் வாடை வந்தா ஸ்விட்ச தொடாதீங்க. ஜன்னலத் திறங்க" என்று அவள் சொன்னபோது குரல் லேசாகக் கம்மியது. அழுதிருந்தாள் அல்லவா. அதையே விட்டுவிட்டோம்.

இரண்டையும் அனுப்பி, "இதில் ஒன்றை உங்கள் கிளையண்ட் எழுத்தில் உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்குவோம்" என்று எழுதினேன். ஏஜென்சிக்காரர் பொரிந்து தள்ளினார். "ஓகே ஆன வேலைக்கு மறுபடி ஓகேவா? பதினஞ்சு நொடிக்கு அவர்கிட்ட கூடுதலா யார் கேக்குறது?" என்றார். ரெண்டர் ஆனபிறகு நீளம் மாறினால் செலவு அவருடையது என்றேன். அதன்பிறகு அனுப்பி வைத்தார்.

மூன்று வாரமாக நாங்கள் தவம் கிடந்த அந்த ஒரு வார்த்தை, டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. ஓகே. எழுபத்தைந்து. கூடுதல் நொடிக்கும் பணம் உண்டு. கொஞ்ச நேரத்தில் முன்பணமும் வந்தது. வாடகைக்கு அது போதும், அதற்குமேல் ஒன்றுமில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. படத் தெரியவில்லை.

பிறகு ஏஜென்சிக்காரரே கூப்பிட்டார், குரலில் தேன் ஒழுக. ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, அந்தக் குரல் யாரு? அப்படியே இருக்கட்டும்ங்குறார் கிளையண்ட். 'இப்படி ஒரு குரல நான் கேட்டதே இல்ல, கேட்டாலே நம்பலாம்னு தோணுது'ன்னு சொல்றார். அதையே ஃபைனலுக்கு வச்சுருங்க."

இதே மேனேஜரிடம் இதே குரலில் அவள் ஒரு மணி நேரம் ஒவ்வொரு படமாக விளக்கியிருக்கிறாள். அதன்பிறகு எத்தனை முறை, "சார், பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டதே இல்லையாம்.

அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சார், அது சும்மா அளவு பாக்கப் பேசினது. படத்துக்குப் பேசணும்னா தனி ரேட்டு. அதுவும் நொடிக்குத்தான்." ஒரு தொகையைச் சொன்னாள். எங்களுக்கு வெட்டப்பட்ட மீதி இரண்டு பங்கை அப்படியே சொன்னாள்.

அந்தப் பக்கம் ஏஜென்சிக்காரர் சிரித்துப் பார்த்தார். இவள் சிரிக்கவில்லை.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றார்.

"மெசேஜ்ல சொல்லுங்க, சார். எழுத்துல வந்தப்புறம்தான் பேசுவேன்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரலில் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. நான் மெஷினைப் போட்டேன். அது உறுமத் தொடங்கியது.

போன் அடித்தது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்தோம். மெஷின் வாங்க வருகிறேன் என்றவர்.

"கிளம்பிட்டேன், வரலாமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"இந்த மாசம் வேண்டாங்க" என்றேன். "அடுத்த மாசம் ஒரு தடவ கேட்டுப் பாருங்க."