முத்து எதுகை

முகூர்த்தத்துக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஹபீபுல்லாவின் அச்சகத்தில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். அக்கா ராணியம்மாளின் கல்யாண வாழ்த்துப்பாவை அவள்தான் எழுத வேண்டும். கல்லூரியில் வேதியியல் படித்தபோதே கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள்.

'முத்தான மாப்பிள்ளை முத்துகிருஷ்ணன்
கொத்தாக மலர்ந்திட்ட'

அங்கே நின்றுவிட்டது. அடுத்து வரவேண்டிய சொல் கைக்குத் தானாக வந்தது; அது அக்காவின் பேரல்ல. பயந்துபோய் அதை அடித்துவிட்டாள். நான்காவது முறை.

காலையில் வந்த இன்லேண்டு லெட்டர் பையில் இருந்தது. பந்தல் போட்டாகிவிட்டது. அப்பா வீராசாமியின் கோபத்தை நினைத்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"இன்னாமா, வண்டி நின்னுடுச்சா?" எழுத்துப் பெட்டிமுன் ஹபீபுல்லா சிரித்தார். "நிலான்னு போடு, சூரியன்னு போடு. எந்த மாப்ள வந்து இல்லேன்னு சண்டை போடப் போறான்? நாலு வரி அடுக்கவே எனக்கு ஒரு மணி ஆவும்."

"எதுகை சரியா வரல, பாய்."

"அப்ப அத்த மாத்து. மாப்ள பேர்ல ஆரம்பிச்சா முட்டுதுன்னா பொண்ணு பேர்ல ஆரம்பி."

பொண்ணு பேர். ராணி. வாணி, காணி, தோணி. முத்தும் மலரும் போய் ஆறு வந்தது. இதுவரை மாப்பிள்ளையைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது கரையில் நின்று அக்காவைப் பார்த்தாள். பேனா நிற்கவில்லை.

'ராணியென் அக்காள் ரகசியம் அறியாள்
தோணி அழகென்று துணிந்துகால் வைத்தாள்
காணி விற்றவர் கைகொட்டி நிற்பார்
ஆணி கழன்றதை ஆர்வந்து சொல்வார்?'

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். கிழிக்கக் கை நீட்டுவதற்குள் வாசலில் சைக்கிள் சாய்க்கும் சத்தம். அப்பா உள்ளே வந்து தாளை எடுத்துவிட்டார்.

"முடிஞ்சுதா கண்ணு?"

உரக்கப் படித்தார். மூன்றாம் வரியில் குரல் தேய்ந்தது. நான்காம் வரியை வாய்க்குள்ளேயே படித்தார். ஹபீபுல்லா கையிலிருந்த ஈய எழுத்தைப் பெட்டியில் மெல்ல வைத்தார்.

"கல்யாணத்துல படிக்கிற பாட்டா இது? இன்னா ஆணி? எவன் சொல்லணும்? வூட்ல நூறு பேர் கீறாங்க. அறைஞ்சேன்னா..."

கையை ஓங்கினார். பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. திறந்தபோது அவர் அந்த நான்கு வரியையும் மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லித் தொலை" என்றார்.

பையிலிருந்து லெட்டரை எடுத்தாள். பிரிக்காமலே நீட்டினாள்.

"நைனா, இதே மாப்ளைக்கு நான் ஏற்கெனவே ஒரு கல்யாண வாழ்த்து எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி, ஹாஸ்டல் சிநேகிதி கேட்டாளேன்னு. அதே ஆள்தான்னு அவதான் இந்த லெட்டர்ல எழுதிக்கீறா. மானாம்பதி பஞ்சாட்சரம் மகன் முத்துகிருஷ்ணன். பொண்ணுக்கு ஊரு ஓரிக்கை. அது உயிரோட கீது, நைனா."