மேடத்துக்குப் போன கைப்பை

கிறிஸ்துமஸுக்கு மேடத்துக்குத் தனியாக ஏதாவது கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் அலசினேன். வேலை முடிந்து போகிற மாலை வகுப்பில் கணக்கு வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதும் இதுதான் தலைக்குள் ஓடியது.

செகந்திராபாத்தில் ஒரு மருந்து விநியோக கம்பெனியின் பில்லிங் பிரிவில் எனக்கு ஒப்பந்த வேலை. என்னையும் சுனிலையும் நிரந்தரமாக்கலாமா என்று சூப்பர்வைசர் திரிபுரசுந்தரி மேடம் இந்த மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அது பரிசாகத் தெரியாது, விலையாகத்தான் தெரியும். இது எனக்குப் புரிந்தது. ஆனால் தசராவுக்கு சுனில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தான். மேடம் சிரித்துக்கொண்டே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். அதன் பிறகு சனிக்கிழமை லீவு கேட்டால் முதலில் கிடைப்பது அவனுக்குத்தான். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. நானும் கொடுத்திருக்க வேண்டுமோ என்ற நினைப்பும் கூடவே வந்தது.

பக்கத்து நாற்காலி சலீமிடம் கேட்டேன்.

"நக்கோ பெர்சிஸ், வேணாம்," என்றான். "கேக் கொண்டு வா. டேபிள்ல வை. எல்லாருக்கும் ஒரே சைஸ்ல வெட்டு, மேடத்துக்கும் அதே துண்டு. வேணும்னா நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு கார்டு கொடுப்போம். யாரு என்ன பேச முடியும்?"

"சுனில் கொடுத்தானே?"

"அது அவன் தலைவலி. உனக்குக் கைக்கு, எதுக்கு அந்த வம்பு?"

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே துண்டா? அப்புறம் நீ அவங்களைத் தனியா நெனச்சேன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"தெரியக் கூடாதும்மா. அதுக்குத்தான் அப்படிச் செய்யறது."

"ஹவ் ஹவ், சரிதான். நீ படிச்சவ."

பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வேலை நாளில் கேக் டப்பாவோடு போனேன். மூடியைத் திறப்பதற்குள் மேடம் எழுந்து வந்தார். கையில் ஒரு பழுப்புத் தோல் கைப்பை. விலைச்சீட்டைக்கூட யாரும் கழற்றவில்லை.

"பெர்சிஸ், நேத்து சாயங்காலம் உங்கம்மா எங்க குவார்ட்டர்ஸுக்குப் பலகாரத் தட்டோட வந்து இதையும் வெச்சுட்டுப் போயிருக்காங்க. நான் இல்லாத நேரம்." பிரிவு முழுக்கக் கேட்கிற குரல். "சிபாரிசுக்காக இப்படியா? என்னை என்னன்னு நெனச்சீங்க?"

காது இரண்டும் எரிந்தன. மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளித்தான் மேடத்தின் வீட்டுக்காரருக்குக் கிடைத்த ரயில்வே குவார்ட்டர்ஸ். வருஷா வருஷம் கல்கலாவும் அச்சு முறுக்கும் அங்கே போவது வழக்கம்; அதில் யாருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பை? முதலில் அம்மா மேல்தான் ஆத்திரம் வந்தது.

பிறகு கவனித்தேன். மேடத்துக்குப் பின்னால் எச்ஆர் ஆர்தர் சார் நின்றிருந்தார். கீழே வேலை செய்பவர்களிடம் பரிசு வாங்கினால் திருப்பிக் கொடுத்துத் தகவல் சொல்ல வேண்டும் என்று போன வாரம்தான் மெயில் அனுப்பியவர். மேடம் என்னிடம் பேசவில்லை. என்னை வைத்து அவரிடம் பேசினார்.

கேக் டப்பாவை மேசையில் வைத்தேன். "எங்கம்மா செஞ்சது தப்பு, மேடம். நீங்க திருப்பிக் கொடுத்ததும் சரி, சாரைக் கூப்பிட்டதும் சரி. தசராவுக்கு வந்த சிமிழையும் அப்படியே சொல்லிடுங்க."

"ஏய், என்னை எதுக்கு இழுக்கறே?" என்று சுனில் எழுந்தான்.

"என்ன சிமிழ்?" என்றார் ஆர்தர் சார்.

"அது பண்டிகைக்கு... மங்கலப் பொருள், சார். வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றார் மேடம்.

"வேண்டாம்னு இப்ப எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, மேடம்." இதைச் சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம்.

ஆர்தர் சார் பேனாவை எடுத்தார். "ரெண்டையும் நான் எழுதி வைக்கணும். பெர்சிஸ், இந்தப் பை விஷயமும் அதில் வரும். இவங்க ரெண்டு பேர் சிபாரிசையும் நீங்க எழுத வேண்டாம், மேடம். ஸ்டோர்ஸ் மேனேஜர் பார்க்கட்டும்."

ஸ்டோர்ஸ் மேனேஜருக்கு என் முகமே தெரியாது. இரண்டு வருஷம் நான் போட்ட பில்களை அவர் பார்த்தால் உண்டு.

கேக்கை வெட்டினேன், எல்லாருக்கும் ஒரே அளவு. சலீம் இரண்டே வாயில் தின்றான். மேடத்தின் துண்டு சாயங்காலம் வரை மேசையிலேயே காய்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஆசையாகக் கேட்டார்: "பை பிடிச்சிருந்துச்சாமா?"

பையை அவர் மடியில் வைத்தேன். "கடை பில் இருக்கா? பண்டிகை முடிஞ்சதும் கடையில திருப்பிக் கொடுக்கணும்."

"எல்லாரும் கொடுக்கறாங்களேடி..."

"ரெண்டு வருஷமா ஒழுங்கா வேலை பார்த்தேம்மா. அது பத்தாதுன்னு அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வந்திருக்கே."

அம்மா பில்லைத் தேட எழுந்தார்.