கழுதைக்கு அடுத்த படம்

ஹாஜியார் வாய்ஸ் மெசேஜில்தான் எதையும் சொல்வார். எழுதச் சொன்னால் கோபம் வந்துவிடும். அன்று காலையும் அப்படித்தான் வந்தது: "நுஸ்லா மகள், அந்த மூணாவதையும் நாலாவதையும் எடுத்துட்டுப் போடுங்க. லொறி திருப்பின கதய வாங்குறவன் பாத்தா நம்ம சரக்குல ஊத்த வாசம்னு நெனப்பான்."

அலுவிகாரையில் உள்ள எங்கள் வாசனைத் திரவியக் கம்பனியில் நான் அலுவலக வேலையோடு இன்ஸ்டகிராம் பக்கத்தையும் பார்க்கிறேன். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், பழைய பழமொழிகளுக்குப் பக்கத்தில் நம் வேலைத்தள உதாரணங்களை வைத்து ஒரு ஸ்லைட் தொகுப்புப் போடலாமே என்று சொல்லிவிட்டேன். முதலாளி மக்கீன் ஹாஜியாருக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனால் வேலை யார் தலையில்? என் தலையில்.

முதல் ஸ்லைட் அட்டை, அதில் தலைப்பு மட்டும். அதற்குப் பிறகு மஞ்சள் ஸ்லைட்டில் ஒரு பழமொழி, அடுத்த வெள்ளை ஸ்லைட்டில் அதற்கான உதாரணம். இப்படி ஜோடி ஜோடியாக விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். முதல் ஜோடியில் கழுதையும் கற்பூரமும் வரும் பழமொழி. அதற்கு உதாரணமாக, நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் புது மெஷினின் மேல் காலிச் சாக்குகளை அடுக்கி வைத்திருந்த படம். சாக்கை அடுக்கியது ஹாஜியாரின் மருமகன் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இரண்டாவது ஜோடியில் பானைச் சோற்றைப் பற்றிய பழமொழி. அதற்கு உதாரணம் பரிமளக்கா. தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவர். ஒருநாள் வந்த கறுவாப் பட்டையில் ஒரே ஒரு பிடியை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு முழு லொறியையும் திருப்பி அனுப்பச் சொன்னவர். படம் பிடிப்பதற்காகவே மெரூன் சேலை கட்டி வந்தார். "நல்லா வந்திருக்கா நுஸ்லா மிஸ்?" என்று ஓயாமல் கேட்டார். உக்குவளையில் உள்ள அக்கா வீட்டுக்கு, தன் மகள் துஷாராவுக்கு, எல்லோருக்கும் இன்றைக்கு இது வருமென்று சொல்லியும் வைத்திருந்தார்.

அந்த ஜோடியைத்தான் ஹாஜியார் எடுக்கச் சொன்னார். பரிமளக்காவிடம் எப்படிச் சொல்வது என்ற எரிச்சலில் போனைத் திறந்து, மூன்றையும் நான்கையும் அழித்தேன். திருப்பிப் பார்க்கவில்லை. பதிவேற்றிவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போனேன்.

லொறி ஏற்றும் இடத்திலிருந்து றினோஸ் எனக்குப் போன் எடுத்தான். அவன் எப்போதும் கத்திப் பேசுகிறவன். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மிஸ், பரிமளக்காவ ஏன் கழுதைக்குப் பொறகு போட்டிருக்கீங்க?"

பார்த்தேன். ஹாஜியார் அட்டையைக் கணக்கில் எடுக்காமல், முதல் பழமொழியிலிருந்து எண்ணியிருக்கிறார். நான் அட்டையிலிருந்து எண்ணியிருக்கிறேன். போனது மெஷின் படமும் பானைச் சோறும். மிஞ்சியது கழுதையும் கற்பூரமும். அதைத் தள்ளினால் மெரூன் சேலையில் பரிமளக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே நான்கைந்து பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

பதிவை அப்படியே நீக்கினேன். நீக்கிவிட்டால் பார்த்தவர்களின் கண்ணிலிருந்தும் போய்விடுமா? பரிமளக்காவின் அக்கா புருஷன் இராசமாணிக்கம் ஒருவரை விடாமல் நையாண்டி பண்ணுகிறவர். "இவளுக்கு என்னத்த தெரியும்னு வேலைக்கு வச்சிருக்கான்" என்று அவர் ஒரு கலியாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டதைப் பரிமளக்காவே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்த மனிதரின் கையில் நானே கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பரிமளக்கா பஸ்ஸிலிருந்து இறங்கிக் கம்பனி வாசலுக்கு வருவதற்குள் நான் அங்கே போய் நின்றேன்.

"அக்கா, காலைல போட்டத..."

"பாத்தேன் மிஸ். பஸ்லயே பாத்தேன்."

"நான் வேணும்னு செய்யல அக்கா. ஸ்லைட்ட எண்ணுறதுல பெசகிருச்சு. ஒங்க படத்துக்கு முன்னால வேற ஒன்னு இருந்தது. அது போயி இது வந்து..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு எப்போதுமே கோபம் வரும், அழுகை வராது. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

"அட, ஏன் அழுவுறீங்க? அக்கா வீட்டு குரூப்ல துஷாரா லிங்க் போட்டுட்டா. அத்தான் எழுத ஆரம்பிச்சுட்டாரு, டைப்பிங்னு காட்டுது. நான் முந்திக்கிட்டேன்."

"என்ன எழுதினீங்க?"

அவர் போனை நீட்டினார். அதில் இருந்தது: 'அத்தான், வாசம் தெரியாதவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, தெரிஞ்ச ஆளு இவங்கதான்னு எங்க கம்பனி எனக்குப் பக்கத்துல அந்தப் பழமொழியப் போட்டிருக்கு. மூக்குக்கிட்ட கறுவா வச்சிருக்கேன் பாருங்க.'

கீழே அக்கா கைகூப்பும் படம் போட்டிருந்தார். துஷாரா மூன்று இதயங்கள். இராசமாணிக்கம் என்னவோ எழுத வந்ததை விட்டுவிட்டு, 'நல்லது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"அக்கா, நெசமாவே அப்படித்தான்னு நெனச்சீங்களா?"

"மொதல்ல நெஞ்சு திக்குனுச்சு, பொய் சொல்லக் கூடாது. பொறகு யோசிச்சேன். சேல மடிப்புக்கூட நேரா இருக்கணும்னு பாத்துப் பாத்து எடுத்த புள்ள, என்னயக் கழுதைனு போடுமா? என்னமோ மாறிருச்சுனு வெளங்கிருச்சு. அப்ப ஒங்களயும் காப்பாத்தணும், என்னயும் காப்பாத்தணும். எழுதிட்டேன்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த நன்றியை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் தவறைப் பார்த்தவுடன் என்னை நம்ப முடிந்த ஒரு ஆள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கறுவா வாசம் அடித்தது.

"ஆனா மிஸ், அத ஏன் எடுத்துட்டீங்க? அத்தான் யாருக்கோ காட்டப் போனா அங்க இல்லையாம். பொய் சொன்னேன்னு ஆகிரும்ல?"

நேரே ஹாஜியாரிடம் போனேன். எண்ணிக்கை பிசகியதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "அட்டயயும் எண்ணுவாங்களா மகள்?" பரிமளக்கா எழுதியதைக் காட்டியதும் இரண்டு தரம் படித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "லொறி கதய மட்டும் விடுங்க. மத்ததெல்லாம் அந்தப் புள்ள சொன்ன மாதிரியே போடுங்க."

நீக்காமல் விட்டிருந்தாலும் போட்ட பதிவுக்குள் புதிய ஸ்லைட்டைச் சேர்க்க முடியாது. அதனால் புதிதாகவே செய்தேன். இம்முறை பழமொழியையும் உதாரணத்தையும் தனித்தனி ஸ்லைட்டில் பிரித்து வைக்கவில்லை. ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஸ்லைட்டுக்குள். ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று அநாதையாகி வேறொருவரோடு ஒட்டிக்கொள்ளாது. யாராவது ஒரு ஸ்லைட்டை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினாலும் அர்த்தம் கூடவே போகும். மருமகனின் மெஷினுக்கு வேறு பழமொழி தேடிக் கொடுத்தேன், அதற்கும் பஞ்சமில்லை.

பரிமளக்காவின் படத்தின் மேல் கழுதையும் கற்பூரமும். கீழே எழுதினேன்: 'எல்லா மூக்குக்கும் வாசம் பிடிபடாது. எங்கள் பரிமளத்தின் மூக்குக்குப் பிடிபடும். அவர் முகர்ந்து சரியென்று சொல்லாத கறுவா இந்த வாசலைத் தாண்டாது.'

போடுவதற்கு முன் றினோஸைக் கூப்பிட்டுத் தள்ளித் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அவன் சரியென்ற பிறகுதான் பட்டனை அழுத்தினேன்.

பரிமளக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. காலையில் என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய், இப்போது கம்பனியின் பெயரில், உண்மையாக நின்றது.

"பாத்தீங்களா மிஸ்," என்றார், "நான் அத்தான்கிட்ட பொய்யே சொல்லல."