மிச்சம் வைத்த ஒரு மோதல்

கணவருக்கு வேலை போனபின், முன்பு பல வருடம் கட்டட வரைபடம் வரைந்தவள், ‘பிம்’ என்னும் கணினிக் கட்டட மாதிரிப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வடிவமைப்பு நிறுவனத்துத் தேர்வுக்கு வந்திருந்தாள். கணினியிலுள்ள முப்பரிமாண மாதிரியில் குழாய்கள் கான்கிரீட் பீம்களோடு மோதும் இடங்களைச் சரிசெய்ய வேண்டும். கடைசியாக ஒரு கழிவுநீர்க் குழாய் அடம்பிடித்தது.

பக்கத்துக் கணினியில் அதே தேர்வை எழுதிக்கொண்டிருந்த சிவில் இன்ஜினியர் இரக்கப்பட்டார். “குழாயோட ஏன் மல்லுக்கட்டுறீங்க மேடம்? அந்த முனையை மேல தூக்குங்க. மோதல் பூஜ்யம்னு வந்துடும்.”

“தூக்கினா சரிவு போயிடும் சார். தண்ணி படியேறியா போகும்?”

அவள் அந்த மோதலை அப்படியே விட்டு, ‘பீமில் துளை விடலாமா? கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும்’ என்று குறிப்பு எழுதினாள். கடவுள் விட்ட வழி என்று ஒப்படைத்தாள்.

தேர்வாளர் முகம் சுளித்தார். “ஒண்ணு மிச்சம் இருக்கே?”

உடனிருந்த சைட் மேனேஜர் குறிப்பைப் படித்தார். “போன தடவை பூஜ்யத்தை நம்பிக் கட்டி, தண்ணி ஓடாமத்தான் கான்கிரீட் போட்ட பீமைக் குடைஞ்சோம். திங்கக்கிழமை வந்துடுங்கம்மா.”

அவளுக்குக் கண் கலங்கியது. பின்னால் அந்த இன்ஜினியர் தான் தூக்கி வைத்திருந்த குழாயை அவசரமாக இறக்கிக்கொண்டிருந்தார்.

“சார், அவருக்கும் அஞ்சு நிமிஷம் குடுங்களேன்” என்றாள்.